மிதப்பது வேறு, எண்ணெய் படிவது வேறு

“மலம் வெளுத்து, எண்ணெய் மாதிரி மிதந்தா உடம்புச் சூடுதானுங்க, மோர் குடிச்சாப் போதும்” என்று சிலர் சொல்வதுண்டு.

மலம் வெறுமனே மிதப்பதற்கு வாயுவே காரணமாகலாம் என்பதும் பாதி சரி. ஆனால் வெளுத்த, பிசுபிசுப்பான மலம் தண்ணீர் ஊற்றியும் பீங்கானில் ஒட்டிக்கொண்டு, எண்ணெய்த் துளிகளும் கடும் நாற்றமும் சேர்ந்திருந்தால், கொழுப்பைச் செரிக்கும் கணையத்தின் லைபேஸ் நொதியோ பித்தநீரோ போதாமல், அல்லது சிறுகுடல் உறிஞ்சாமல், உண்ட கொழுப்பு அப்படியே வெளியேறுகிறது என்று ஐயப்பட வேண்டும்.

பெருந்துறையில் என் சித்தப்பா, கடலை எண்ணெய்ப் பலகாரம் உண்ட மறுநாளெல்லாம் இப்படி அவதிப்பட்டு, எடை குறைந்தும், மோரை நம்பியே ஆறு மாதம் கழித்தார். பிறகு, கணையம் சுரக்கும் எலாஸ்டேஸ் நொதியை மலத்தில் அளந்தபோது மிகக் குறைவாக வந்தது. ஸ்கேனில் கணையக் கற்கள் தெரிந்தன. (மலம் தண்ணீராகப் போகும்போது மாதிரி கொடுத்தால் எலாஸ்டேஸ் அளவு பொய்யாகவே குறையும்.) உணவோடு நொதி மாத்திரை எடுத்த பின் எண்ணெய்ப்படலம் நின்றது, அவருடைய சர்க்கரை நோயும் கணையத்தால் வந்ததா என்பது இன்னும் முடிவாகவில்லை.