அந்த 8 சதவீதக்காரர்களுக்கு

சனிக்கிழமை பட்டர்வொர்த் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வராதவர்களுக்கு: எங்கள் டியூஷன் மையத்தின் நிர்வாகச் செலவை இன்னோர் அமைப்போடு ஒப்பிட்டு, "அவர்கள் 8%, நீங்கள் 18%" என்று திரையில் போட்டீர்கள். பட்ஜெட்டை முடிக்குமுன் மற்ற அமைப்புகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லதுதான், நானும் பார்ப்பேன். ஆனால் எதில் எத்தனை சதவீதம் என்று கேட்க வேண்டாமா?

எங்கள் மையத்தில் வகுப்புகளுக்கென்றே ஆகும் நேரடிச் செலவு 3 லட்சம் ரிங்கிட். நிர்வாகச் செலவு 54,000: வாடகை 18,000, கணக்கர் சம்பளம் 24,000, ஆடிட் 6,000, மின்சாரமும் காப்புறுதியும் 6,000. நேரடிச் செலவில் பார்த்தால் 18%. மொத்தச் செலவான 354,000-இல் பார்த்தால் 15.25%. அவர்களின் 8% மொத்தத்தின் மேல் போட்டது. நிர்வாகச் செலவுக்குக் கொடையாளர் வைத்த 10% வரம்பும் மொத்தத்தின் மேல்தான். பிறகு 18-ஐ ஏன் பக்கத்தில் வைத்தீர்கள்?

அப்புறம் வாடகை. கடைவீட்டில் மூன்றில் இரண்டு பங்கு வகுப்பறை. கொடையாளர் ஒப்புக்கொண்டால், சதுர அடிக் கணக்கைக் காட்டி 12,000-ஐ நேரடிச் செலவில் எழுதலாம். எல்லா மானியத்திலும் அப்படியே எழுத வேண்டும், அதே வாடகையை இரண்டு பக்கமும் ஏற்றக் கூடாது. இப்போது நிர்வாகச் செலவு 42,000, மொத்தத்தில் 11.9%.

"ஆனாலும் 8-ஐத் தொடவில்லையே" என்பீர்கள். அவர்களுக்குக் கோயில் மண்டபம் இலவசம், ஓய்வுபெற்ற பொருளாளர் சம்பளமில்லாமல் கணக்கெழுதுகிறார். நல்ல மனிதர், கும்பிடுகிறேன். அந்த இரண்டும் எங்களுக்கும் கிடைத்தால் வாடகையும் கணக்கர் சம்பளமும் போய், மொத்தம் 312,000-இல் நிர்வாகச் செலவு 12,000, அதாவது 4%கூட வராது! இதைத் திரையில் போட யாருக்கும் தோன்றவில்லை.

வரம்பு 10% என்றால் 10%தான், சரி. ஆனால் எங்கள் 11.9% வரம்பைத் தாண்டுவதால் 1 லட்சம் மானியத்தில் இடிக்கும் 1,900 ரிங்கிட்டை எங்கிருந்து கொண்டுவருகிறோம் என்று பட்ஜெட்டிலேயே எழுத வேண்டும். வரம்பும் எல்லாரிடமும் ஒன்றல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளிநாட்டு உதவி மானியங்களில் 7% வரை. அமெரிக்க மத்திய அரசு மானியத்தில், தனியாகப் பேசி முடிவுசெய்த விகிதம் இல்லாதவர்களுக்கு 10% இருந்தது, 2024 அக்டோபரிலிருந்து 15% வரை. அதையும் கருவிகள் போன்ற சில செலவுகளைக் கழித்துவிட்டுத்தான் போடுவார்கள்.

"காசு பிள்ளைகளுக்குத்தானே போகணும்?" இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ரசீதைத் தொட்டதே கிடையாது. நான் முன்பு இருந்த ஓர் அமைப்பில் கணக்கர் கிடையாது. பிஸ்கட் டின்னில் ரசீது. பாதி வெயிலில் மங்கி வெள்ளைத் தாளாகியிருந்தது. ஆடிட்டர் கையெழுத்துப் போட மறுத்தார், மானியத்தின் இரண்டாம் தவணை வரவில்லை, ஆசிரியர்களுக்குச் சம்பளம் நின்றது. நிர்வாகச் செலவு மட்டும் பிரமாதமாகக் குறைவு.

எங்கள் கணக்கராக இருக்கும் தங்கச்சியும் அன்று கடைசி வரிசையில் இருந்தாள். மாதம் 2,000 ரிங்கிட், அதிலேதான் சேமநிதிப் பிடித்தமும். அவள் சம்பளத்தை ஊர் முன்னால் திரையில் போட்டுச் சிரித்தீர்களே, அவளிடம் ஒரு வார்த்தை பேசினீர்களா?