ஃபண்டிங் மைனஸில் போனால் ஷார்ட்காரன் மாட்டிக்கொண்டான் என்று அர்த்தமா?

கிரிப்டோ குழுக்களில் அடிக்கடி வரும் ஸ்கிரீன்ஷாட் இது: ஃபண்டிங் ரேட் மைனஸ், ஓபன் இன்ட்ரஸ்ட், அதாவது மூடாமல் நிற்கும் ஒப்பந்தங்களின் மொத்தம், உச்சம். கீழே, "ஷார்ட் எல்லாம் மாட்டியாச்சு, இனி ஏத்தம்தான்." அதாவது, விலை விழும் என்று பந்தயம் கட்டிய ஷார்ட்காரர்கள் பயந்து திரும்ப வாங்கி மூடுவார்கள், அந்த வாங்கலே விலையை ஏற்றும். இதைத்தான் ஸ்க்வீஸ் என்கிறார்கள். 2022 செப்டம்பரில் நானும் இதை நம்பி, விலை ஏறும் என்று ஈதரில் லாங் போனவன்தான்.

பெர்பெச்சுவல், சுருக்கமாக பெர்ப், என்பது எக்ஸ்பைரி இல்லாத ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம். அதன் விலையை ஸ்பாட் விலையோடு கட்டிவைக்கும் கயிறுதான் ஃபண்டிங். பெர்ப் விலை ஸ்பாட்டுக்கு மேலே நின்றால் லாங்காரர் ஷார்ட்காரருக்குப் பணம் தருவார், கீழே போனால் அப்படியே தலைகீழ். பல எக்ஸ்சேஞ்சுகளில் எட்டு மணி நேரத்துக்கு 0.01% என்பது சாதாரண நிலை. அது 0.1% ஆனால் 10,000 டாலர் பொசிஷனுக்கு ஒரு நாளில் 30 டாலர் போகும். பத்து மடங்கு லெவரேஜில் நிற்பவர் போட்ட மார்ஜின் 1,000 டாலர்தான். விலை அசையாமல் நின்றாலே அதில் தினமும் 3% கரையும். அவ்வளவு கொடுத்தும் ஒருவர் லாங்கை விடவில்லை என்றால், அந்தப் பக்கம் கூட்டம் நெரிகிறது என்று சந்தேகப்படலாம்.

ஓபன் இன்ட்ரஸ்ட் மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு லாங்குக்கும் எதிரே ஒரு ஷார்ட் இருந்தே தீரும். "லாங் அதிகம்" என்று யாராவது சொன்னால், எந்தப் பக்கம் அவசரம் என்பதைத்தான் சொல்ல வருகிறார். அப்புறம், அதை டாலரில் பார்க்காதீர்கள். விலை ஏறினாலே டாலர் கணக்கும் ஏறிவிடும். காயின் கணக்கில் பாருங்கள்.

சரி, ஈதர் கதைக்கு வருகிறேன். செப்டம்பர் 15 அன்று மெர்ஜ், அதாவது எத்தீரியம் மைனிங்கை விட்டு ஸ்டேக்கிங்குக்கு மாறிய நாள். பழைய மைனிங் சங்கிலி பிரிந்து ஓடினால், ஈதர் வைத்திருப்பவருக்கு அந்தப் புதுக் காயின் இலவசம். அதனால் ஸ்பாட்டில் ஈதரை வாங்கி, விலை விழுந்தாலும் அடிபடாமலிருக்க பெர்ப்பில் அதே அளவு ஷார்ட் போட்டார்கள். ஃபண்டிங் அதலபாதாளத்துக்குப் போனது. இவர்கள் யாரும் ஈதர் விழும் என்று பந்தயம் கட்டியவர்கள் அல்லர். கட்டிய ஃபண்டிங், இலவசக் காயினுக்குக் கொடுத்த விலை.

மெர்ஜ் முடிந்ததும் ஷார்ட்டை மூடினார்கள், கூடவே ஸ்பாட் ஈதரையும் விற்றார்கள். பெர்ப்பில் வாங்கியது ஸ்பாட்டில் விற்றதோடு கழிந்துபோனது, ஸ்க்வீஸ் எங்கிருந்து வரும்? ஃபண்டிங் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பியது. 1,600 டாலர் அருகே இருந்த விலை ஒரு வாரத்தில் 1,300 பக்கம் வந்தது, என் லாங்கையும் இழுத்துக்கொண்டு.

தடயம் இல்லாமல் இல்லை. ஆவே கடன் தளத்தில், மெர்ஜுக்கு முன்பே, ஈதர் கடன் கொடுப்பதையே வாக்கெடுத்து நிறுத்திவைத்திருந்தார்கள். ஈதரைக் கையில் வைத்திருக்க ஆட்கள் அப்படி அலைந்தார்கள். ஃபண்டிங் மைனஸில் இருக்கும்போது ஸ்பாட் காயினுக்கும் இப்படிக் கிராக்கி இருந்தால், அந்த ஷார்ட்டுகளில் பெரும்பங்கு ஹெட்ஜாக இருக்கலாம். நான் அன்று அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.