யாரும் யாரையும் மன்னிக்கச் சொல்வதில்லை

குற்றம் செய்தவரும் பாதிக்கப்பட்டவரும் நேரில் உட்கார்ந்து பேசும் மறுசீரமைப்பு நீதிச் சந்திப்பைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மேடையில் ஒரு பேச்சாளர் பேசிய துண்டு வீடியோவை மூன்று நாளாக எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "பறித்தவனையும் பறிகொடுத்தவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, மன்னிப்பு வாங்கிக் கொடுத்து, டீ குடிக்க வைத்து அனுப்புகிறார்கள்" என்றார். அரங்கமே கைதட்டியது. நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். பதில் சொல்ல மைக் கேட்டேன், நேரமில்லை என்றார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

மறுசீரமைப்பு நீதிச் சந்திப்பில் யாரும் யாரையும் மன்னிக்கச் சொல்வதில்லை. ஆறு வருடமாக இந்தச் சந்திப்புகளை ஒருங்கிணைக்கிறேன். பாதிக்கப்பட்டவரிடம் "மன்னித்துவிடுங்களேன்" என்று ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்பது பயிற்சியின் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி. ஐம்பது வயதுப் பெண். மாலையில் வேலை முடிந்து நடந்து வரும்போது பத்தொன்பது வயதுப் பையன் அவரைத் தள்ளிவிட்டு போனைப் பறித்துக்கொண்டு ஓடினான். மணிக்கட்டு முறிந்தது. பையன் பிடிபட்டு, நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை இன்னும் சொல்லப்படவில்லை. அந்த இடைவெளியில்தான் நான் போனேன்.

நேராகச் சந்திப்புக்குப் போய்விட முடியாது. அவனை மூன்று முறை, அவரை இரண்டு முறை தனித்தனியே பார்த்தேன். அவன் பழியை வேறு யார் மேலாவது போடுகிறானா, செய்ததைத் தன் வாயால் சொல்கிறானா என்று பார்க்க வேண்டும். அவர் எதைக் கேட்க வருகிறார், எந்தப் பதில் வந்தால் உடைந்துபோவார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இருவரில் யார் வேண்டாம் என்றாலும், எந்த நிமிடத்தில் சொன்னாலும், அதோடு முடிந்தது.

அன்றைக்கு ஆறு நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். நடுவில் மேசை கிடையாது. அவருக்குத் துணையாக அவர் தங்கை, அவனுக்குத் துணையாக அவன் அம்மாவும் மாமாவும். முதலில் அவன்தான் பேச வேண்டும். என்ன நடந்தது, அப்போது என்ன நினைத்தாய், அதற்குப் பிறகு என்ன நினைத்தாய், யார் யார் பாதிக்கப்பட்டார்கள்? கேட்பது இவ்வளவுதான். இதற்கு மேல் நான் பேசினால் அது உபதேசமாகிவிடும்.

பிறகு அவர் பேசினார். எட்டு மாதமாகச் சுற்றுவழியில் வீட்டுக்குப் போவதைச் சொன்னார். கடைசியில் அவனைப் பார்த்து, "என்னை எத்தனை நாளா நோட்டம் விட்ட தம்பி?" என்று கேட்டார். அவன் நிமிர்ந்து பார்த்து, "இல்ல மேடம், உங்களை அதுக்கு முன்னாடி நான் பார்த்ததே இல்ல. நீங்க போன் பேசிக்கிட்டே வந்தீங்க, அவ்வளவுதான்" என்றான். எட்டு மாதமாக அவர் தூக்கத்தைக் கெடுத்த கேள்விக்கு இதுதான் பதில். போலீசும் வக்கீலும் நீதிபதியும் இந்தப் பதிலைச் சொல்ல முடியாது. அது அவனிடம் மட்டும்தான் இருந்தது. இதற்காகத்தான் அந்த நாற்காலிகள். மன்னிப்புக்காக இல்லை.

அவன் மன்னிப்புக் கேட்டான், உண்மைதான். அவர் "சரி, கேட்டுக்கிட்டேன்" என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவனுக்குத் தண்டனையும் கிடைத்தது.

"தண்டனை குறையும் என்று நடிக்கிறார்கள்" என்பீர்கள். நடிப்பவர்கள் இருக்கலாம். ஆனால் இந்தச் சந்திப்புகள் பற்றி பிரிட்டனில் 2001-இல் தொடங்கிய பரிசோதனைகளில் ஏற்கெனவே தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவர்களும் கலந்துகொண்டார்கள். நடித்தாலும் அவர்களுக்குக் குறைய அங்கே எதுவும் இல்லை.

"இப்படிச் சந்திப்புக்கு ஒத்துக்கொள்கிறவன் எப்படியும் திருந்தியிருப்பான்" என்று மேடையில் இன்னொருவர் சொன்னார். இது நல்ல கேள்வி, பதில் சொல்ல விட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தப் பரிசோதனைகளில் இரு தரப்பும் சம்மதித்த பிறகுதான் குலுக்கல் போட்டார்கள். பாதிப் பேருக்குச் சந்திப்பு நடந்தது, பாதிப் பேருக்கு வழக்கமான நடைமுறை மட்டும். ஆக, ஒத்துக்கொண்டவர்களை ஒத்துக்கொண்டவர்களோடுதான் ஒப்பிட்டார்கள். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ஜோவன்னா ஷாப்லேண்ட் குழு 2008-இல் முடிவைச் சொன்னது. இரண்டு ஆண்டுகளில் சந்திப்புக்குப் போனவர்கள் மீண்டும் தண்டிக்கப்பட்ட குற்றங்களின் எண்ணிக்கை சுமார் 14 சதவீதம் குறைவு. பலர் இதைத் தப்பாகப் படிக்கிறார்கள். 14 சதவீதம் பேர் திருந்திவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. ஒருவர் மறுபடி குற்றம் செய்வாரா மாட்டாரா என்று மட்டும் பார்த்தால் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை. சந்திப்புக்குப் போனவர்கள், போகாதவர்களைவிடக் குறைவான குற்றங்களைச் செய்தார்கள். 2013-இல் இப்படிப்பட்ட பத்துப் பரிசோதனைகளை, 1,879 பேரை, சேர்த்துப் பார்த்த, ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கேம்பெல் அமைப்பின் மதிப்பாய்வும் மிதமான குறைவு என்றே சொன்னது.

மிதமானது. நான் ஒருநாளும் அற்புதம் என்று சொன்னதில்லை. எங்கே வேலை செய்யவில்லை என்பதையும் நானே சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 1995 முதல் 2000 வரை நடந்த பரிசோதனையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களிடம் இது பலிக்கவில்லை, குற்றம் லேசாகக் கூடியதே ஒழியக் குறையவில்லை. வன்முறைக் குற்றம் செய்த இளைஞர்களிடம்தான் பெரிய குறைவு தெரிந்தது. என் அனுபவத்துக்கு இதில் ஆச்சரியமில்லை. குடித்து ஓட்டிப் பிடிபட்டவருக்கு எதிரே காயம்பட்ட மனிதர் யாரும் இல்லை. "சின்னத் திருட்டுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், அடிதடிக்கு வேண்டாம்" என்று மேடையில் பெரிய மனது பண்ணிச் சொன்னார்களே, ஆய்வு சொல்வது கிட்டத்தட்ட அதற்கு நேர்எதிர். குடும்ப வன்முறையை மட்டும் நான் எடுப்பதில்லை. அங்கே பயம் அந்த அறைக்கு வெளியே தொடர்கிறது.

என்னைக் குத்திய கேள்வி வேறு. "பாதிக்கப்பட்டவரை மறுபடியும் காயப்படுத்துகிறீர்கள்" என்றார் அந்தப் பேச்சாளர். ஆமாம், காயப்படுத்தியிருக்கிறேன். என் இரண்டாவது வருடத்தில் அவசரப்பட்டு ஒரே ஒரு முறை மட்டும் பார்த்துவிட்டு ஒரு பையனைக் கூட்டிவந்தேன். வீடு புகுந்து திருடிய வழக்கு. வட்டத்தில் உட்கார்ந்து, "நீங்க கதவைப் பூட்டாம போனா யார்தான் உள்ள வர மாட்டான்" என்று வீட்டுக்காரரிடமே சொன்னான். அந்தப் பெரியவர் எழுந்து போய்விட்டார். அப்புறம் நான் போன் செய்தபோதெல்லாம் எடுக்கவே இல்லை. அது என் தப்பு. தயாரிப்பைக் குறைத்தால் நடப்பது இதுதான். இன்றைக்கு என் மேலிடத்தில் "ஒரு வழக்குக்கு இவ்வளவு நேரமா" என்று கேட்கும்போது அவர் எழுந்து போன அந்த நாற்காலிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஆனால் அதை வைத்து எல்லாப் பாதிக்கப்பட்டவர்களுக்காகவும் நீங்கள் முடிவெடுக்காதீர்கள். பிரிட்டனில் சந்திப்புக்குப் போன பாதிக்கப்பட்டவர்களில் 85 சதவீதம் பேர் திருப்தி என்றார்கள். "பாவம், அவர்களை விட்டுவிடுங்கள்" என்று மேடையில் நான்கு பேர் மாறி மாறிச் சொன்னீர்கள். அந்த நான்கு பேரில் ஒருவராவது பாதிக்கப்பட்ட ஒருவரிடம் "உங்களுக்கு அவனைப் பார்க்க வேண்டுமா" என்று கேட்டிருக்கிறீர்களா? வழக்கில் அவர் வெறும் சாட்சி. தேதி மாறினால்கூடப் பல நேரம் அவருக்குச் சொல்ல ஆளில்லை. நான் பார்த்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முதலில் சொன்னது, "இதுவரைக்கும் யாரும் என்கிட்ட எதுவும் கேட்கல" என்பதுதான்.

அப்புறம் அந்த டீ. ஆமாம், டீ உண்டு. பேசி முடித்ததும் என்ன செய்யப் போகிறான் என்ற ஒப்பந்தத்தை நான் தனியே உட்கார்ந்து எழுதுவேன். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அறையில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? அதற்குத்தான் டீ. அன்றைக்கு நான் எழுதிக்கொண்டிருந்தபோது பையனின் அம்மா கப்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் சுவரோரம் நின்றார். அந்தப் பெண் எழுந்து போய், கட்டுப் பிரித்த மணிக்கட்டைக் காட்டி, "இப்ப நல்லா மடங்குது, பாருங்க" என்றார்.