மோட்டாரின் ஸ்டாப் பட்டனுக்கு பி.எல்.சி. லேடரில் எந்த கான்டாக்ட்?

"ஸ்டாப் பட்டன் என்.சி. தானே, அப்போ லேடரிலும் என்.சி. கான்டாக்ட்தான் போடணும்."

பாதிதான் சரி. பட்டனை என்.சி.யாக வயர் செய்யுங்கள். லேடரில் மட்டும் என்.ஓ. கான்டாக்ட் போடுங்கள். அழுத்தாதபோது 24 வோல்ட் இன்புட்டுக்கு வந்துகொண்டே இருப்பதால் அந்த பிட் 1. என்.ஓ. கான்டாக்ட் அப்போதுதான் வழிவிடும்.

```
|--[STOP]--+--[START]--+--(MOTOR)--|
           |           |
           +--[MOTOR]--+
```

STOP இடத்தில் என்.சி. போட்டால், ஸ்டாப்பை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் கொடுத்தால்தான் மோட்டார் ஓடும். ஸ்டாப்பிலிருந்து கையை எடுத்ததும் நின்றுவிடும்.

அம்பத்தூர் பட்டறையில் லேடரில் என்.சி.யை அப்படியே வைத்து, பட்டனையே என்.ஓ.வாக மாற்றியதும் ஓடியது என்கிறார் ஒரு நண்பர். ஓடும்தான். ஆனால் அந்த ஸ்டாப் வயர் ஒருநாள் அறுந்தால் எவ்வளவு அழுத்தினாலும் மோட்டார் நிற்காது. தயவுசெய்து அப்படி விடாதீர்கள். என்.சி. வயரிங்கில் வயர் அறுந்தால் பிட் 0 ஆகும், மோட்டார் தானாக நிற்கும். சோதிக்க, மோட்டாரின் பவர் லைனைக் கழற்றிவிட்டு கான்டாக்டரை மட்டும் ஓட்டுங்கள். இன்புட் டெர்மினலில் ஸ்டாப் வயரை எடுத்ததும் அது விடுபட வேண்டும்.

சீல்-இன்னுக்கு MOTOR பிட் போதுமா, கான்டாக்டரின் ஆக்ஸிலரி கான்டாக்ட் வேண்டுமா என்பதில் ஆளுக்கொரு பழக்கம். நான் ஆக்ஸிலரி பக்கம்: கான்டாக்டர் இழுக்கவில்லை என்றால் சீல்-இன்னும் பிடிக்காது.