எனக்கு சீல் இருக்கு, பைக்குக்கு இல்லையாம்!

என் பைக் வீட்டு வாசல்லதான் நிக்குது, காலையில கூட தொடச்சேன், ஆனா பேப்பர்படி அது இன்னும் பக்கத்து நாட்டுக்குள்ளயே சுத்திட்டு இருக்காம். மூணு மாசமா இதே கூத்து.

கார்னே தெரியாதவங்களுக்கு: ஈரான், பாகிஸ்தான், எகிப்து மாதிரி நாடுகளுக்குள்ள சொந்த வண்டிய இம்போர்ட் டூட்டி கட்டாம கொண்டு போய்ட்டு திரும்ப எடுத்துட்டு வர்றதுக்கு ஆட்டோமொபைல் கிளப் குடுக்குற புக்கு அது. ஒரு வருஷம்தான் வேலிடிட்டி. வண்டிய அங்கயே வித்துட்டு வந்தா டூட்டிய கேரன்டி குடுத்தவங்க தலைல கட்டுவாங்கன்னு நம்மகிட்ட முன்னாடியே டெபாசிட் புடிச்சு வெச்சுக்கறாங்க. சரி, அதுல தப்பு சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு பக்கமும் மூணு துண்டு. உள்ள போறப்ப கீழ்த் துண்ட கஸ்டம்ஸ் கிழிச்சுக்கணும், வெளிய வர்றப்ப நடுத்துண்டு, மேல் துண்டு நம்மகிட்டயே இருக்கும், அதுல ரெண்டு சீலும் விழணும். கேட்ட தாண்டுறதுக்கு முன்னாடி புக்க திறந்து பாருங்க, நடுத்துண்டு இன்னும் ஒட்டிட்டு இருந்தா வந்த வழியே வண்டிய திருப்புங்க, யாரு ஹாரன் அடிச்சாலும் கண்டுக்காதீங்க.

நான் பாக்கல. இமிக்ரேஷன்ல பாஸ்போர்ட்ல டப்புனு எக்ஸிட் சீல் குத்துனாங்க, பக்கத்து கஸ்டம்ஸ் கவுண்ட்டர்ல ஆளே இல்ல, ஒரு காலி நாற்காலியும் மூடி திறந்து கெடக்குற இங்க் பேடும்தான், அரை மணி நேரம் நின்னேன், கேட்ல இருந்தவரு பாஸ்போர்ட்ட பாத்துட்டு "எல்லாம் ஆச்சு, போங்க போங்க"ன்னு கைய காட்டுனாரு, நானும் பின்னாடி லாரி நிக்குதேன்னு கெளம்பிட்டேன். பாஸ்போர்ட் சீல் ஆளுக்கு, கார்னே சீல் வண்டிக்கு, ஒண்ணு இன்னொண்ணுக்கு ஆகாது, இத அந்த கேட்காரருக்கு யாரு சொல்றது!

புக்க திருப்பி குடுத்து டெபாசிட் கேட்டா "எக்ஸிட் இல்லயே"ன்னு ஒரே வார்த்தை. அடுத்து வேற நாட்டுக்குள்ள போயிருந்தாலாவது அந்த என்ட்ரி சீல காட்டிருக்கலாம், நான் நேரா வீட்டுக்குல்ல வந்தேன். இப்ப வண்டி எங்க இருக்குன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கணுமாம், அதிகாரி ஒருத்தர் நேர்ல வண்டிய பாத்து, சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஒப்பிட்டு, தேதி போட்டு சீல் வெச்சு குடுக்கணும். அதுக்கு நாலு நடை. கடைசியா ஒரு புண்ணியவான் குனிஞ்சு, ஹேண்டிலுக்கு கீழ இருந்த கிரீஸ விரலாலயே தொடச்சு, ஒவ்வொரு எழுத்தா படிச்சு எழுதிக் குடுத்தாரு, கும்பிடாத குறைதான்.

நேத்து போன். அவரு எழுதுன சேசிஸ் நம்பர்ல 8 பாக்க பி மாதிரி இருக்காம், திரும்ப வாங்கிட்டு வரணுமாம்.