பட்ஜெட்டை ரேடியோவுல நாலு நிமிஷத்துல சொல்றது: கோடியை விட்டுட்டு மூட்டைக்கு வாங்க

பிப்ரவரி 1 வந்தா ஒவ்வொரு வருஷமும் விவசாய நிகழ்ச்சியில "பட்ஜெட்டில் சிறு விவசாயிகளுக்கு என்ன"ன்னு யாராவது நாலு நிமிஷம் பேசுவாங்க. 2025 பட்ஜெட்டுக்கு எங்க பக்கத்துல ஒரு ரேடியோவுக்கு அந்த நாலு நிமிஷத்தை எழுதிக் குடுத்தது நான்தான். அதுல பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன், எழுதப்போறவங்க யாராவது படிச்சா சரி.

முதல் டிராஃப்டை சித்தப்பாகிட்ட படிச்சுக் காட்டினேன். அவருக்கு ஆறு மா நிலம், அதாவது ரெண்டு ஏக்கர், சம்பா மட்டும்தான். "உர மானியத்துக்கு ஒரு லட்சத்து அறுபத்தேழாயிரம் கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டுள்ளது"ன்னு ஆரம்பிச்சேன். மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கிட்டே கேட்டவரு, "ஏம்ப்பா, யூரியா மூட்டை ஏறுதா இறங்குதா"ன்னார். மாறலன்னு சொன்னேன். "அதைச் சொல்லு, நான் ஏன் கோடியை எண்ணணும்"ன்னுட்டு உள்ள போயிட்டார்.

அங்கதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. பேப்பர்ல கோடியைப் பார்த்தா கண்ணு தாண்டிப் போயிடும், ரேடியோவுல காது தாண்டாது, அந்த எண்ணுலயே மாட்டிக்கிட்டு அடுத்த ரெண்டு வரியைத் தவற விட்ரும். மோட்டார் சத்தத்துல, பால் கறக்குற நேரத்துல கேக்குறவங்க திருப்பிப் போட்டுக் கேக்கவும் முடியாது. அதனால ஒரு வாக்கியத்துக்கு ஒரு எண், அதுவும் அவங்க கையால எண்ணுற எண்ணா இருக்கணும். மூட்டை, ஏக்கர், நூத்துக்கு இத்தனை, எந்தத் தேதிக்குள்ள, அவ்வளவுதான்.

உரத்துக்கு கடைசியா நான் எழுதினது இதுதான்: "யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, அதுல மாற்றம் இல்ல. டிஏபி 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய், அதுலயும் மாற்றம் இல்ல. அதுக்கு மேல யாராவது கேட்டா பில் கேளுங்க." மொத்தம் பதினஞ்சு செகண்ட். டிஏபி விலை ஏறாம நின்னதுக்குக் காரணம் பட்ஜெட்டும் இல்ல. 2025 ஜனவரி 1 அன்னிக்கே மத்திய அமைச்சரவை டன்னுக்கு 3,500 ரூபாய் தனி மானியத்தைத் தொடர முடிவு பண்ணிடுச்சு, ஒரு டன்னுக்கு 20 மூட்டை, அப்ப மூட்டைக்கு 175 ரூபாய். இந்த 175ஐ சொன்னப்பதான் சித்தப்பா "ஓ, அது இல்லன்னா 1,525 ஆயிருக்கும்"னு தானே கணக்குப் போட்டார்.

அஸ்ஸாம்ல நாம்ரூப்ல வருஷத்துக்கு 12.7 லட்சம் டன் யூரியா எடுக்குற புது ஆலைன்னு பட்ஜெட்ல வந்துச்சே, அதை நான் விட்டுட்டேன். ஆலை கட்டி முடிஞ்சு யூரியா வர்றதுக்குள்ள எத்தனை சம்பா போயிரும். நல்ல செய்திதான், ஆனா நாலு நிமிஷத்துல இடம் இல்ல. அந்த இடத்துல, யூரியா கேட்டா கூடவே ஒரு பாட்டில் ஏதாவது கட்டாயப்படுத்திக் குடுக்குறது தப்புன்னு ஒரு வரி போட்டேன். ஒவ்வொரு சீசனும் கடையில நடக்குறது அதுதானே.

கடன்தான் உண்மையிலயே கஷ்டம். நிதியமைச்சர் சொன்னது, கிசான் கிரெடிட் கார்டுல வட்டி மானியத்தோட கிடைக்கிற கடனோட உச்சவரம்பு 3 லட்சத்துல இருந்து 5 லட்சமா ஆகும்னு. எல்லா டிவியிலயும் "விவசாயிகளுக்கு 5 லட்சம் கடன்"னு ஓடுச்சு. கேக்குறவங்க காதுல என்ன விழும்? பேங்குக்குப் போனா 5 லட்சம் தருவான்னு விழும்.

நிஜத்துல பேங்க் எப்படிக் கணக்குப் போடும்னா, ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவுன்னு மாவட்ட அளவுல ஒரு கடன் அளவு நிர்ணயிச்சிருப்பாங்க. நெல்லுக்கு ஏக்கருக்கு 36,000னு வச்சுக்குவோம், ஊருக்கு ஊர் மாறும். சித்தப்பாவோட ரெண்டு ஏக்கருக்கு 72,000. அறுவடைக்கு அப்புறம் உள்ள செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும் சேர்த்து அதுல பத்து சதவீதம், 7,200. மோட்டார், கருவி, நிலப் பராமரிப்புக்கு இருபது சதவீதம், 14,400. கூட்டினா 93,600. ஒரு லட்சமே தொடல! உச்சவரம்பு 3 லட்சமா இருந்தா என்ன 5 லட்சமா இருந்தா என்ன, அவருக்கு தலைக்கு மேல எங்கயோ இருக்குற கூரை அது. ஒரு போகம் நெல் மட்டும் போடுறவருக்கு இந்தக் கணக்குல 3 லட்சத்தைத் தாண்டணும்னா ஆறரை ஏக்கர் கிட்ட வேணும், அஞ்சு ஏக்கர் வரைக்கும்தான் சிறு விவசாயின்னு அரசாங்கமே சொல்லுது. வாழை, கரும்பு போடுறவங்களுக்கு, ரெண்டு போகம் எடுக்குறவங்களுக்கு இந்த அறிவிப்பு உதவும், அது உண்மை, அதையும் ஒரு வரி எழுதினேன்.

சித்தப்பா மாதிரி ஆளுக்கு உண்மையிலயே பிரயோஜனமானது பட்ஜெட்டுக்கு வெளிய இருந்துச்சு. 2025 ஜனவரி 1ல இருந்து அடமானம் இல்லாத விவசாயக் கடன் 1.6 லட்சத்துல இருந்து 2 லட்சமா உயர்த்தினது ரிசர்வ் பேங்க். "ரெண்டு லட்சம் வரைக்கும் பத்திரம் கேட்கக்கூடாது"ன்னு ஒரே வாக்கியம். பட்ஜெட்ல இல்லாததை பட்ஜெட் நிகழ்ச்சியில எப்படிச் சேர்க்கிறதுன்னு ரேடியோவுல கேட்டாங்க. கேக்குறவருக்கு அது எந்த ஆபீஸ்ல இருந்து வந்தா என்ன சார்னு சண்டை போட்டு உள்ள வச்சேன்.

வட்டியையும் சதவீதத்துல சொல்லக்கூடாது. 72,000 கடனுக்கு ஒரு வருஷம் ஏழு சதவீதம்னா 5,040 ரூபாய். தேதிக்குள்ள கட்டினா மூணு சதவீதம் குறைஞ்சு நாலு சதவீதம், 2,880. வித்தியாசம் 2,160 ரூபாய். "ஒரு நாள் தள்ளினா ரெண்டாயிரத்துச் சொச்சம் போச்சு"ன்னு சொல்லிப் பாருங்க, மண்டையில ஏறும். நம்ம ஊர்ல கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் வாங்கி நேரத்துக்குக் கட்டினா வட்டியே இல்ல, அதையும் பக்கத்துலயே சொல்லணும், இல்லன்னா நாலு சதவீதம் ஏதோ புது சலுகைன்னு நினைச்சு சங்கத்து ஆளு பேங்க்ல போய் நிப்பாரு.

காப்பீட்டுக்கு வந்தா பேப்பர் தலைப்பு வேற பயமுறுத்திடுச்சு. முந்தின வருஷத் திருத்திய மதிப்பீட்டுல 15,864 கோடி, 2025 பட்ஜெட்ல 12,242 கோடி, "பயிர்க் காப்பீட்டு நிதி குறைப்பு"ன்னு. சித்தப்பாவுக்கு அதனால பிரீமியம் கூடுமோன்னு கவலை. கூடாது, விவசாயி கட்டுற பங்கு திட்ட விதியில நிக்குது. சம்பாவுக்கு நூத்துக்கு ஒண்ணரை ரூபாய், ஏக்கருக்கு 36,000 காப்பீடுன்னா 540 ரூபாய். மீதியை மத்திய மாநில அரசு ரெண்டும் போடுது.

ஆனா எப்பக் கிடைக்கும்ங்கறதுதான் யாரும் ரேடியோவுல சொல்றதில்ல, அதுக்குத்தான் நான் ஒரு நிமிஷம் முழுசா ஒதுக்கினேன். இழப்பீடு வர்றது உங்க வயலைப் பார்த்து இல்ல, வருவாய் கிராமத்தோட சராசரியைப் பார்த்து. கிராமத்துக்கு நாலு இடத்துல, அஞ்சு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் அளந்து அறுத்து, அடிச்சு, எடை போடுவாங்க. பழைய மகசூலை வச்சு ஒரு உத்தரவாத மகசூல் போட்டிருப்பாங்க, ஏக்கருக்கு 30 மூட்டைன்னு வைங்க. அறுத்துப் பார்த்ததுல சராசரி 24 மூட்டை வந்தா குறைவு 6 மூட்டை, அதாவது அஞ்சுல ஒரு பங்கு. 36,000ல அஞ்சுல ஒரு பங்கு 7,200, அதுதான் ஏக்கருக்கு வரும். கிராமச் சராசரி 31 வந்து, உங்க வயல் மட்டும் பள்ளத்துல இருந்து பத்து மூட்டைதான் கண்டுச்சுன்னா? ஒண்ணும் வராது. "540 கட்டினேன், ஏமாத்திட்டான்"னு ஊர்ல திட்டுறதுல பாதி இந்தக் கணக்கு யாரும் சொல்லாததால.

பள்ளத்து வயலுக்கு ஒரு வழி இருந்துச்சு. தனி வயல் பாதிப்புன்னு 72 மணி நேரத்துல தகவல் சொன்னா வந்து பார்ப்பாங்க. ஆனா வெள்ளம் தேங்கி அழியறதுக்கு அதுல நெல்லை 2018ல எடுத்துட்டாங்க, நெல்லு தண்ணியில நிக்கிற பயிராம்! கதிர் முத்துற நேரத்துல கழுத்து வரைக்கும் தண்ணி நின்னா நெல்லு என்ன நீச்சலா அடிக்கும். 2025 நவம்பர்லதான் திரும்பச் சேர்க்கிறோம்னு அறிவிச்சாங்க, 2026 காரீப், அதாவது ஜூன் வாக்குல ஆரம்பிக்கிற பருவத்துல இருந்து. இனிமே யார் ஸ்கிரிப்ட் எழுதினாலும் இதை முதல் வரியா வைங்க, அந்த 72 மணி நேரத்தை மூணு தடவை சொல்லுங்க, 14447ங்கற உதவி எண்ணை எண் எண்ணா நிறுத்தி ரெண்டு தடவை சொல்லுங்க. "பதினாலாயிரத்து நானூத்தி"ன்னு வாசிச்சா யாரும் எழுதிக்க முடியாது.

ஒரு காலத்துல தஞ்சாவூர்ப் பக்கம் ஏடிடி 27 நெல்லுக்கு "ரேடியோ நெல்லு"ன்னே பேரு, திருச்சி வானொலியில கேட்டுத்தான் ஜனங்க விதை வாங்கினாங்க. அதைப் பேசினவங்க எத்தனை நாள் நாத்து, எவ்வளவு உரம்னுதான் பேசியிருப்பாங்க, ஒதுக்கீடு எத்தனை கோடின்னு பேசியிருந்தா அந்தப் பேரு வந்திருக்காது.

சரி, எங்க சொதப்புச்சுன்னு சொல்லணும். கடன் பகுதி முடிவுல நான் ஒரு வரி வச்சிருந்தேன்: "இந்த 5 லட்சம் இப்போதைக்கு அறிவிப்புதான், பேங்குக்கு சுற்றறிக்கை வந்த பிறகுதான் நடைமுறை, அதுவரைக்கும் 3 லட்சம்தான்." ஒலிபரப்புல அந்த வரி இல்ல. நேரம் பத்தலன்னு வெட்டிட்டாங்க, ஆனா ஆரம்ப இசையும் நிகழ்ச்சி வழங்குவோர் பேரும் நாப்பது செகண்ட் ஓடுச்சு. யாரையும் குத்தம் சொல்ல இதை எழுதல, வெட்டுனவருக்கு அது "எதிர்மறையா" தெரிஞ்சிருக்கும்.

2025 மே 28ல மத்திய அமைச்சரவை அந்த வட்டி மானியத் திட்டத்தை 2025-26க்கும் நீட்டிச்சப்ப, அமைப்புல எந்த மாற்றமும் இல்லன்னு சொல்லித்தான் நீட்டிச்சுது. அதுக்குள்ள ஏப்ரல்லயே எங்க தெருவுல வாழை போடுற அண்ணன் ஒருத்தர், நிகழ்ச்சியைக் கேட்டவரு, சிட்டா அடங்கல் எல்லாம் எடுத்துக்கிட்டு பஸ் ஏறி பேங்குக்குப் போயிட்டு வந்தார். மேனேஜர் எங்களுக்கு ஆர்டர் வரலன்னு சொல்லி அனுப்பிட்டாராம். சாயந்திரம் கடைத்தெருவுல என்னைப் பார்த்து, "தம்பி, ரேடியோவுல நீ எழுதினதுன்னு சொன்னாங்களே"ன்னார். வெட்டுன வரியைப் பத்தி அவர்கிட்ட நான் எதுவும் சொல்லல. பஸ் டிக்கெட்டும் ஜெராக்ஸும் சேர்த்து அவருக்கு அன்னிக்கு நூத்துப் பத்து ரூபாய் செலவு.