குழுவில் போட்டுவிட்டேனே என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

அன்புள்ள தன்னார்வலர்களுக்கு,

வணக்கம். ஜூன் 14 அன்று நாம் நடத்திய நோட்டுப் புத்தக விநியோகத்தில் ஏழு பேர் கைப்பேசியை உயர்த்திப் படமெடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் நன்கொடையாளருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைக்கு ஐந்தே ஐந்து படம் தேவைப்பட்டபோது, இரவு பதினொரு மணிக்கு ஏழு பேரையும் தனித்தனியாக அழைத்துக் கெஞ்ச வேண்டியிருந்தது. "குழுவில் போட்டுவிட்டேனே அக்கா" என்பதே அனைவரும் சொன்ன பதில்.

குழுவில் போட்டீர்கள்தான். நான்கு எம்பி இருந்த படத்தை வாட்சப் சில நூறு கேபியாகச் சுருக்கித் தந்தது. அச்சிட்டுப் பார்த்தால் பிள்ளைகளின் முகம் தண்ணீரில் கரைந்த வண்ணம் போல இருக்கிறது. எடுத்த நாளும் நேரமும் படத்தோடு வருவதில்லை. மூன்று நாள் கழித்து ஒருவர் அனுப்பிய படம் என் கைப்பேசியில் IMG-20250617-WA0031.jpg என்று வந்து உட்கார்ந்திருக்கிறது. 17ஆம் தேதி நாம் எந்த நிகழ்ச்சியும் நடத்தவில்லையே என்று கணக்குப் பார்ப்பவர் கேட்டால் நான் என்ன சொல்வது?

இதையாவது பொறுத்துக்கொள்வேன். அடுத்து நடந்ததைப் பொறுக்க முடியாது. நம் மாலை வகுப்புக்கு வரும் ஒரு சிறுமியின் தாய், சேர்க்கும் நாளிலேயே "படம் மட்டும் வேண்டாம்மா" என்று சொல்லியிருந்தார். அடித்துத் துன்புறுத்திய கணவரிடமிருந்து விலகி, ஊர் மாறி வந்திருப்பவர் அவர். நம்மில் ஒருவர் அந்தச் சிறுமியின் முகத்தின் மீது ஒரு பூவை ஒட்டி, படத்தைத் தம் ஸ்டேட்டஸில் வைத்துவிட்டார். முகத்தை மறைத்தவருக்குச் சட்டைப்பையில் இருந்த பள்ளி அடையாள அட்டை கண்ணில் படவில்லை. பள்ளியின் பெயர் அதில் பளிச்சென்று தெரிந்தது. அந்தத் தாய் என்னை அழைத்தபோது திட்டவில்லை, "இனி எந்தப் பள்ளிக்கு மாற்றுவது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஆகவே, இனிப் படங்கள் கூகுள் டிரைவில் நான் திறந்திருக்கும் ஒரே கோப்புறைக்கு மட்டுமே வர வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தேதியின் பெயரில் ஓர் உள் கோப்புறை இருக்கும். எடுத்த மூலப்படத்தை அன்றிரவே அதில் நேரடியாக ஏற்றிவிடுங்கள். நீங்கள் ஏற்றும் படம் உங்கள் கணக்கின் 15 ஜிபி இடத்தில்தான் கணக்காகிறது. இடம் போதவில்லை என்று அதை நீங்கள் அழித்தால் எங்களிடமும் போய்விடும். சென்ற ஆண்டு மருத்துவ முகாமின் படங்கள் பாதி காணாமற்போனதற்கு இதுதான் காரணம். எனவே, நான் நகல் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லும்வரை எதையும் அழிக்காதீர்கள். கோப்புறையின் இணைப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள். பகிர்வு Restricted என்ற அமைப்பிலேயே இருக்கும், அதை Anyone with the link என்று மாற்றுபவருக்கு அன்றோடு அனுமதி ரத்து. மூலப்படத்தில் எடுத்த இடத்தின் குறிப்பும் பதிந்திருக்கக்கூடும் என்பதால், வெளியே போகும் படத்தை நானே குறிப்பு நீக்கித் தருவேன்.

ஒப்புதல் படிவத்தில் மூன்று கேள்விகள் தனித்தனியாக உள்ளன: அறிக்கைக்கா, அச்சுக்கா, சமூக ஊடகத்துக்கா. ஒன்றுக்குச் சரி என்றவர் மூன்றுக்கும் சரி என்றதாகிவிடாது. படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்குங்கள். முக்கியமாக, பொருள் கொடுக்கும் மேசையில் வைத்துப் படிவத்தை நீட்டாதீர்கள். பிள்ளைக்கு நோட்டு கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் போடும் கையெழுத்தை ஒப்புதல் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கொடுத்த ஒப்புதலைப் பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அப்படிக் கேட்டால் ஏன் என்று விசாரிக்காமல் எனக்குத் தெரிவியுங்கள். ஒப்புதல் இல்லாத பிள்ளைகளின் மணிக்கட்டில் மஞ்சள் நூல் கட்டியிருக்கும். மஞ்சள் நூல் தெரிந்தால் கைப்பேசியை இறக்குங்கள். எடுத்துவிட்டுப் பிறகு மறைக்கும் வேலையே வேண்டாம்.

குழந்தைகள் இல்லத்திலிருந்து வரும் பிள்ளைகளின் நிலை இன்னும் கடுமையானது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காட்டும் படத்தையோ பெயரையோ பள்ளியையோ வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இல்லத்தின் பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார் என்பது இதற்கு விலக்கு ஆகாது.

ஞாயிறு இரவுக்குள் ஜூன் 14 படங்களை ஏற்றிவிட்டு, உங்கள் ஸ்டேட்டஸிலும் முகநூலிலும் இருப்பவற்றை நீக்கிவிட்டு, நீக்கியாயிற்று என்று எனக்கு ஒரு வரி அனுப்புங்கள். அந்தச் சிறுமி இந்த வாரம் வகுப்புக்கு வரவில்லை.

இப்படிக்கு,
ஒருங்கிணைப்பாளர்